தலை காயாமல், தலை நனையாமல்: சென்னை நடுவில் நாலு நாள் நடை

நாள் 1: பார்க் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல்

ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகிறது. காலை பத்து மணிக்கே வெயில் முதுகைச் சுடுகிறது, மாலை நாலுக்கு மேல் எந்த நிமிடமும் மழை கொட்டலாம். கத்திரியில் வெயிலுக்கு மட்டும் வழி பார்த்தால் போதும், கார்த்திகையில் மழைக்கு மட்டும். இந்த ஒரு மாதத்தில் காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. அதனால் சென்னையின் நடைச் சப்வேக்களையும் கூரை போட்ட நடைமேம்பாலங்களையும் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான சமயம் இல்லை. நாலு நாளில் நாலு பகுதி. முதலில் ஊரிலேயே மிகச் சிக்கலானது.

தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருபவர் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறார். வேளச்சேரிப் பக்கமிருந்து பறக்கும் ரயிலில் வருபவர் அதை ஒட்டியிருக்கும் பார்க் டவுனில் இறங்குகிறார். இருவருக்கும் போக வேண்டிய இடம் சென்ட்ரல். குறுக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை. பேருந்து, ஆட்டோ, ஜி.எச்.சுக்கு வரும் ஆம்புலன்ஸ் எல்லாம் அதில்தான். கையில் இரண்டு பெட்டியோடு இந்தச் சாலையை மேலே கடப்பது யாருக்கும் நல்லதில்லை.

கீழே கடக்க இரண்டு விதமான வழி உண்டு. ஒன்று ஜி.எச். முன்பக்கம் இருக்கும் பழைய சப்வே. இன்னொன்று சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தோடு சேர்ந்த சுரங்க நடைபாதைகள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். பழைய சப்வே சாலையின் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் நேர்க்கோடு. மெட்ரோவினுடையது பல வாயில்கள் கொண்ட பெரிய கூடம். தவறான வாயிலில் ஏறினால் மறுபடி இறங்கி வர வேண்டியிருக்கும், இல்லையென்றால் வெயிலில் சுற்றி நடக்க வேண்டியிருக்கும்.

இங்கே முதலில் மனதில் பதிய வேண்டியது நிலையம் இருக்கும் இடம். சென்ட்ரலின் சிவப்புக் கட்டடத்துக்கு நேர் அடியில் மெட்ரோ இல்லை. அதற்கு மேற்கே, மூர் மார்க்கெட் வளாகம், விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை இந்த மூன்றுக்கும் முன்பக்கமாக அது படுத்திருக்கிறது. ஆகவே பார்க் பக்கமிருந்து இறங்கிச் சாலைக்கு அடியில் வடக்கே போனதும் உங்கள் ரயில் எது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. வெளியூர் விரைவு ரயில் என்றால் வலப்பக்கம், அதாவது கிழக்கே, சென்ட்ரல் பிரதான கட்டடத்தை நோக்கி. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் என்றால் மூர் மார்க்கெட் வளாகம். மாநகராட்சிக்குப் போக வேண்டியவர்கள் இடப்பக்கம், ரிப்பன் மாளிகை வாயில்.

திசை தவறுவது படிக்கட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மெட்ரோ வாயில்களில் பெரும்பாலும் படி நேராகக் கீழே போவதில்லை. பாதி இறங்கியதும் ஒரு தளம், அங்கே ஒரு திருப்பம், பிறகு மீதிப் படி. சில இடத்தில் முழுதாகத் திரும்பி, வந்த திசைக்கு முதுகு காட்டி நிற்பீர்கள். மேலே சாலை இடமிருந்து வலமாக ஓடியது என்ற நினைவு கீழே வந்ததும் செல்லாது. கைப்பேசி வரைபடமும் அங்கே உதவாது. கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காததால் நீலப்புள்ளி கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்கும், அல்லது சாலைக்கு அந்தப் பக்கம் தாவிக் குதிக்கும். அதை நம்பித் திரும்புகிறவர்கள் தவறாமல் எதிர்த்திசையில்தான் போகிறார்கள்.

இதற்கு ஒரு எளிய வழி: படியில் கால் வைக்கும் முன் ஒரு நொடி நின்று, எந்தத் தோளுக்கு நேராகச் சாலை இருக்கிறது என்று பாருங்கள். வலத்தோள் என்று வையுங்கள். இறங்கும்போது வரும் ஒவ்வொரு முழுத் திருப்பத்துக்கும் அந்தத் தோளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு திருப்பம் வந்தால் சாலை இப்போது இடத்தோள் பக்கம். இரண்டு வந்தால் மறுபடி வலம். கீழ்த்தளத்தில் கால் வைத்ததும் அந்தத் தோள் பக்கமாகத் திரும்பினால் நீங்கள் சாலைக்கு அடியில் நடக்கிறீர்கள். அதற்குப் பிறகு தலைக்கு மேலே தொங்கும் பலகைதான் வழிகாட்டி. பலகையில் இடத்தின் பெயரைப் படியுங்கள், அம்புக்குறியை அதற்குப் பிறகு பாருங்கள். ஒரே அம்புக்குறிக்குக் கீழ் நாலு பெயர் இருக்கும், உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெட்டியோடு நடக்கும் வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர் என்று கணக்கிடுங்கள். வெறுங்கையோடு என்றால் 75, 80. பெட்டிக்காரர் பார்க் நடைமேடையில் இறங்கியதிலிருந்து சென்ட்ரல் நடைமேடைக்குச் சேர இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். இதில் நடைக்கு ஆகும் நேரம் பாதிதான். மீதி லிஃப்ட் வாசலில் காத்திருப்பது, எஸ்கலேட்டர் வரிசை, பலகை பார்த்து நிற்பது. அடியில் போனால் நேரம் மிச்சம் என்று நினைத்து வரக்கூடாது. உடம்பு மிச்சம், அதற்குத்தான் இது.

சுரங்க வழியில் எங்கே வெயில் படுகிறது? வடக்கு வாயிலில் ஏறியதும் ஸ்டேஷன் வாசல்வரை இருக்கும் திறந்த முற்றத்தில். இந்தச் சில நிமிட நடைக்காகத்தான் குடை. மதியம் ஒரு மணிக்கு அங்கே கல்தரை கீழிருந்தும் சுடும். ரப்பர்ச் செருப்பு என்றால் பாதத்தில் தெரியும். சின்னக் குழந்தையை அந்தத் தரையில் வெறுங்காலோடு இறக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் உடம்பு சார்ந்தது. மெட்ரோ கூடம் குளிரூட்டப்பட்டது. வெயிலில் வேர்த்து வந்து அந்தக் குளிரில் நின்றால் சுகமாக இருக்கும், ஆனால் மறுபடி மேலே ஏறும்போது வெக்கை இரண்டு மடங்காக அறையும். வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வருவது உள்ளே போகும்போது அல்ல, கடைசிப் படியில் வெளிக்காற்று முகத்தில் மோதும் அந்தக் கணத்தில். மேல்வாயிலின் நிழலில் ஒரு நிமிடம் நின்று, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போவது நல்லது.

எழும்பூருக்குப் போகிறவர்கள் மேலே ஏறவே வேண்டாம். அதே கூடத்தில் பச்சைத் தடத்தில் ஏறினால் அடுத்த நிலையமே எழும்பூர், கட்டணம் 10 ரூபாய். எழும்பூர் மெட்ரோவின் வாயில் எழும்பூர் ரயில் நிலையத்தின் முன்வாசல் பக்கம் திறக்கிறது. அங்கே நிலைய மறுசீரமைப்பு வேலை நடப்பதால் தடுப்புத் தகரம் அவ்வப்போது இடம் மாறும். போன மாதம் நேராகப் போன வழி இந்த மாதம் சுற்றிப் போகலாம்.

நாள் 2: மவுண்ட் ரோடு

அண்ணா சாலையைக் கடப்பது என்றால் பலருக்கு நினைவு வருவது சிக்னல், நடுத்தடுப்பு, ஓட்டம். 2018 மே மாதம் டி.எம்.எஸ்.வரையும், 2019 பிப்ரவரியில் அங்கிருந்து வண்ணாரப்பேட்டைவரையும் மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தச் சாலைக்கு அடியில் வரிசையாகக் கடவுகள் கிடைத்துவிட்டன: அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம். ரயிலில் ஏறாதவரும் அந்த நிலையங்களில் இறங்கி, டிக்கெட் எடுக்காமல், எதிர்ப்பக்க வாயிலில் ஏறி வெளியே போகலாம். இது இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியவில்லை. வாயிலில் காவலர் நிற்பதைப் பார்த்ததும் உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தானியங்கிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பது யாரும் நடக்கக்கூடிய இடம்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால்தான் இந்த வழி கைகொடுக்கும். நிலத்தடி நிலையம் சாலையோடு நீளவாக்கில் கிடக்கும் ஒரு நீண்ட பெட்டி. மேல்தளத்தில் டிக்கெட் கூடம், அதற்குக் கீழே நடைமேடை. கூடத்தின் நடுப்பகுதியைத் தானியங்கிக் கதவுகளும் கம்பித் தடுப்பும் அடைத்துக்கொள்கின்றன. அதுதான் டிக்கெட் உள்ளவர் மட்டும் போகும் பகுதி. இரண்டு முனைகளிலும் பொதுப்பகுதி. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே பக்கவாட்டில் பொது வழி விட்டிருந்தால் டிக்கெட் இல்லாமலே நீளவாக்கிலும் நடக்கலாம். அப்படி இல்லையென்றால் இரண்டு முனைகளும் இரண்டு தனித்தனி சப்வே.

இதன் பொருள்: வடமுனையின் கிழக்கு வாயிலில் இறங்கினால் வடமுனையின் மேற்கு வாயிலில் ஏறலாம். தென்முனையில் ஏற வேண்டும் என்று நினைத்தால் நடுவில் கம்பி குறுக்கே நிற்கலாம். ஆகவே இறங்கும் முன் நீங்கள் போக வேண்டிய கட்டடம் சாலையின் எந்தப் பக்கம் என்பதோடு, நிலையத்தின் எந்த முனைக்கு அருகில் என்பதையும் பார்த்துவிட்டு அந்த முனையிலேயே இறங்குங்கள். வெயிலில் சாலையின் இந்தப் பக்கம் நூறு, நூற்றைம்பது மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டிவரலாம். அந்த நடையை எந்தப் பக்கம் நிழல் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். அண்ணா சாலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. காலையில் கிழக்குப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் அந்தப் பக்க நடைபாதையில் விழும், மதியத்துக்குப் பிறகு மேற்குப் பக்கம். காலை பதினோரு மணிக்கு முன் கிழக்குப் பக்கமாக நடந்து பிறகு கடப்பது, மூன்று மணிக்குப் பிறகு முதலிலேயே கடந்து மேற்குப் பக்கமாக நடப்பது. நடுமதியத்தில் எந்தப் பக்கமும் நிழல் கிடையாது.

அந்த நேரத்துக்குத்தான் பத்து ரூபாய் மெட்ரோ டிக்கெட். நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மே மாதம் ஒரு மணிக்கு எல்.ஐ.சி.யிலிருந்து ஆயிரம் விளக்குக்கு நடக்கப் பதினைந்து நிமிடம் ஆகும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதே தூரத்தை ஒரு நிலையம் மெட்ரோவில் போனால் இறங்க, காத்திருக்க, ஏற என்று எல்லாம் சேர்த்து அதே பதினைந்து நிமிடம்தான், ஆனால் வேர்க்காது. ஏறும் முன் எந்த முனையில் வெளியேறப் போகிறீர்கள் என்று யோசித்து, நடைமேடையில் அந்த முனைக்குப் போய் நின்று ஏறுங்கள். இறங்கிய பிறகு கூட்டத்தோடு நடைமேடை முழுக்க நடக்க வேண்டியதில்லை.

படிக்கட்டு பற்றி ஒரு வார்த்தை. சாலையைக் கடக்க மேம்பாலம் நல்லதா, சப்வே நல்லதா என்ற பழைய வாதத்துக்கு விடை உயரத்தில் இருக்கிறது. சாலைக்கு மேல் பாலம் கட்டினால் லாரி, பேருந்து போக 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதற்கு மேல் பாலத்தின் தடிமன். ஆக ஏற வேண்டியது ஆறு மீட்டருக்கு மேல். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் நாற்பது படிக்குக் குறையாது. சாதாரண நடைச் சப்வேயில் மனிதன் நிமிர்ந்து நடக்க இரண்டரை மீட்டர் போதும், மேலே கான்கிரீட் மூடியும் தார்ச்சாலையும் சேர்த்து மூன்றரை மீட்டர். இருபத்து மூன்று, இருபத்து நாலு படி. முழங்கால் வலிக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது. மெட்ரோ கூடம் இதைவிட ஆழம், ஆகவே படியும் அதிகம். அதை ஈடுகட்டத்தான் எஸ்கலேட்டர். ஆனால் பல வாயில்களில் எஸ்கலேட்டர் மேலே வருவதற்கு மட்டும்தான் ஓடுகிறது. இறங்குவது கால்தான். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் லிஃப்ட் உள்ள வாயிலைத் தேடித்தான் போக வேண்டும். அது எல்லா வாயிலிலும் இருக்காது. மேலே சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாயிலில் நிற்கும் பணியாளரைக் கேளுங்கள். "லிஃப்ட் எந்தப் பக்கம்ங்க?" என்றால் கையைக் காட்டிவிடுவார்கள்.

நாள் 3: மாம்பலம் – தி.நகர்

இன்றையது மண்ணுக்கு அடியில் அல்ல, தலைக்கு மேலே. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், மேலே கூரை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவில் மூச்சுவிட இடம் இருக்காது. துணி வாங்க வராதவருக்கு, அதாவது ரயிலிலிருந்து பேருந்துக்கு மாற வருபவருக்கு, அந்தத் தெருவில் இறங்க வேண்டிய காரணமே இப்போது இல்லை.

ரயிலிலிருந்து இறங்கியதும் பழக்கத்தில் கால் ரங்கநாதன் தெருப் படியை நோக்கித்தான் போகும். அங்கேதான் கவனம் வேண்டும். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறியதும் இறங்காமல் அதே மட்டத்தில் நடைமேம்பாலத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒருமுறை தெருவில் இறங்கிவிட்டால் கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில்தான் விடும். திரும்பி ஏற மனம் வராது. ரயில்பாதைக்கு மேலே போகும் பாலம் மின்கம்பிக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டியிருப்பதால் ஏற்றம் சாலைப் பாலத்தைவிட அதிகம். ஏறிய உயரத்தை வீணாக்காமல் கடைசிவரை அதே மட்டத்தில் நடப்பதுதான் இந்தப் பாலத்தின் பயன். மறுமுனையில் பேருந்து நிலையத்தருகே, மேட்லி சாலையில், இறங்குவதற்கு லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் இருக்கின்றன.

570 மீட்டர் என்பது வெறுங்கையோடு ஏழு, எட்டு நிமிடம். பை நிறையத் துணியும் கையில் குழந்தையும் என்றால் பன்னிரண்டு. பண்டிகைச் சனி, ஞாயிறு மாலையில் இருபதும் ஆகும், ஏனென்றால் 4.2 மீட்டரில் எதிரெதிராக இரண்டு ஓட்டம், நடுவில் நின்று கீழே கூட்டத்தைப் படம் எடுப்பவர்கள். இடதுபக்கமாக ஒட்டி நடந்தால் இடிபடாமல் போகலாம்.

மழைக்கு இந்தப் பாலம் எவ்வளவு தாங்கும்? கூரை தலையைக் காக்கும், பக்கவாட்டுச் சாரலைக் காக்காது. எந்தப் பக்கம் நனையும் என்பது மாதத்தைப் பொறுத்தது. ஆடி, ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழை உள்நாட்டில் திரண்டு மேற்கிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கடல் பக்கமிருந்து, வடகிழக்கிலிருந்து. பாலம் ரயில்பாதையை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடும் பகுதியில் இது நேரடியாகத் தெரியும். ஐப்பசி மழையில் கிழக்குக் கைப்பிடி ஓரம் ஒரு முழ அகலத்துக்குத் தரை ஈரமாகிவிடும், மேற்கு ஓரம் காய்ந்திருக்கும். ஆவணி மழையில் இதற்கு நேர்மாறு. ஆகவே இந்த மாதம் மேற்கு ஓரம். அந்த நேரத்தில் எல்லாரும் அந்தப் பக்கமே ஒதுங்குவதால் நெரிசலும் அந்தப் பக்கம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாலத்தில் ஏறும் முன் மேற்கு வானத்தையோ கிழக்கு வானத்தையோ ஒரு பார்வை பாருங்கள். புரட்டாசி மழை வருமுன் கொஞ்ச நேரம் குளிர்ந்த காற்று குப்பென்று வீசும், தெருவில் தூசி கிளம்பும். அது கிளம்பிய பிறகு உங்களுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. தூறலாகத் தொடங்கி, நின்று, மறுபடி சட்டென்று கொட்டும். அதனால் இந்த மாதத்தில் இடையில் நின்று வேடிக்கை பார்க்காமல் பேருந்து நிலைய முனைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

வெயிலில் நிலைமை வேறு. கூரைக்கு அடியில் நிழல் உண்டு, குளிர்ச்சி இல்லை. மதியத்தில் கூரை வாங்கிய சூட்டைக் கீழே இறக்கும். கடல்காற்று எழுந்ததும் பாலத்தின் மேல் தெருவைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் கீழே கடைகள் மறைக்கும் காற்று மேலே தடையில்லாமல் வீசுகிறது. கோடையில் கடல்காற்று பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் வரும். அது தாமதமாகும் நாள்தான் சென்னையில் அனல் அடிக்கும் நாள். காற்று வந்துவிட்டதா என்று தெரிய மரக்கிளையையோ கடை வாசலில் தொங்கும் துணியையோ பாருங்கள். கிழக்கிலிருந்து ஆடினால் மேலே ஏறுங்கள்.

நாள் 4: மழை

நேற்று இரவிலிருந்து விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்றைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதில் தவறினால் விளைவு பெரிது.

சென்னையில் "சப்வே" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருளைச் சொல்கிறோம். துரைசாமி சப்வே, மேட்லி சப்வே, அரங்கநாதன் சப்வே, கெங்குரெட்டி சப்வே, கணேசபுரம் சப்வே என்பவை ரயில்பாதைக்கு அடியில் வாகனங்கள் போகும் தாழ்வழிகள். இருபுறமும் சாலையே சரிந்து பள்ளத்தில் இறங்குகிறது. சுற்றுவட்டாரத்துத் தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்தைத் தேடி வரும், மோட்டார் வைத்து இறைத்தால்தான் வெளியேறும். பெருமழையில் "சப்வேக்கள் மூடல்" என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இவற்றைத்தான். அதைக் கேட்டுவிட்டுச் சென்ட்ரல் மெட்ரோ வழியும் மூடியிருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து இதன் தலைகீழ்: மெட்ரோ வழியில் காய்ந்த காலோடு போன பழக்கத்தில் கெங்குரெட்டி சப்வேயிலும் அப்படியே நடந்துவிடலாம் என்று இறங்குவது. செய்யக்கூடாது. நடைபாதை ஓரத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் நடுவில் இடுப்பளவு இருக்கலாம், கலங்கிய நீரில் கால்வாய் மூடி திறந்திருப்பது தெரியாது.

மெட்ரோ வாயில்கள் ஏன் தாங்குகின்றன? அவற்றின் அருகே நின்று பாருங்கள். கீழே போக வேண்டிய வாயிலுக்கு முன்னால் முதலில் சில படி மேலே ஏற வேண்டும், அதன் பிறகுதான் இறக்கம். வயதானவர்கள் "கீழே போறதுக்கு எதுக்குப்பா ஏறணும்?" என்று கேட்பது இந்தப் படியைத்தான். சாலையில் ஓடும் வெள்ளம் சுரங்கத்துக்குள் கவிழாமல் தடுக்கும் வரப்பு அது. சாலைத் தண்ணீர் அந்த மேடையின் விளிம்பைத் தொடாதவரை உள்ளே பயமில்லை. மழை நாளில் வாயிலுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த விளிம்புதான். தண்ணீர் மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு படி மிச்சம் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஒரு படிதான் மிச்சம், மழையும் விடவில்லை என்றால் உள்ளே போவதற்கு முன் பணியாளரைக் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் ஏற வேண்டிய எதிர்வாயில் இதைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கலாம், அதை அவர்கள் அடைத்திருக்கலாம்.

நிலையம் பாதுகாப்பாக இருந்தும் அதற்குப் போகும் வழி மூழ்குவது வேறு பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பரங்கிமலை நிலையத்துக்குப் போகும் வழியில் நாலடித் தண்ணீர் நின்றது. நிலையம் மேலே நின்றது, மனிதர் அதை அடைய முடியவில்லை. ஆகவே பெருமழை நாளில் கேள்வி "ரயில் ஓடுகிறதா?" என்பதோடு நிற்கக்கூடாது. ஏறும் வாயிலின் வாசல் எப்படி, இறங்கும் வாயிலின் வாசல் எப்படி என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

பழைய நடைச் சப்வேக்களில் அந்த வரப்பு இல்லை, அல்லது இருந்த வரப்பும் சாலைக்கு மேல் சாலை போட்டதில் தேய்ந்து ஒரு படியாகிவிட்டது. அங்கே தண்ணீர் வருவதை முன்கூட்டியே காட்டுவது படிக்கட்டின் அடியில் குறுக்கே போட்டிருக்கும் கம்பி மூடி. படியில் வழியும் நீரை வாங்கித் தொட்டிக்கு அனுப்பும் வாய்க்கால் அதற்குக் கீழே இருக்கிறது. அருகில் குனிந்து பாருங்கள். நீர் கம்பிகளுக்கு இடையே சலசலவென்று உள்ளே விழுகிறது என்றால் தொட்டியில் இடம் இருக்கிறது, மோட்டார் இறைத்துக்கொண்டிருக்கிறது. நீர் கம்பிக்கு மேலேயே தளும்பி நிற்கிறது, பீடித்துண்டும் பிளாஸ்டிக்கும் அதில் வட்டமாகச் சுற்றுகின்றன என்றால் ஒன்று அடைப்பு, அல்லது தொட்டி நிறைந்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் தரையில்தான் நிற்கும். அப்போது அது கணுக்கால் அளவுதான் இருக்கும், "பரவாயில்லை, போயிடலாம்" என்று தோன்றும். போகாதீர்கள். நடுவழியில் விளக்கு அணைந்தால் மோட்டாரும் நின்றது என்று அர்த்தம், ஈரச் சுவரிலும் கைப்பிடிக் கம்பியிலும் மின்கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே ஏற்கெனவே இருட்டு என்றால் முதல் படியிலேயே திரும்பிவிடுங்கள். கைப்பிடியைத் தொடாமல் திரும்புங்கள்.

வழுக்கல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, மழை நாளில் அடிபடுவதற்கு அதுவே போதும். மெருகேற்றிய கல்தரையில் ரப்பர்ச் செருப்பு தேய்ந்திருந்தால் சோப்பு போல வழுக்கும். தரை மிக ஈரமாக இருப்பது வாயிலிலிருந்து முதல் பத்தடியில், எல்லாரும் குடையை மடக்கி உதறும் இடத்தில். குடையை மேல்வாயிலுக்கு வெளியிலேயே இரண்டு தரம் உதறி, நுனி கீழே பார்க்க மடக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டால் பின்னால் வருபவர் விழமாட்டார். படியில் விளிம்பை மிதிக்காமல் பாதம் முழுக்கப் பதித்து, ஓரமாக இறங்குங்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு ஈரப்படியில் தடதடவென்று இறக்க வேண்டாம், சக்கரம் வழுக்கினால் பெட்டி உங்களை இழுத்துக்கொண்டு போகும். பெட்டி உங்களுக்கு முன்னால், ஒரு படி கீழே இருக்கட்டும். மழை வலுத்தால் வாயிலருகே இருக்கும் எஸ்கலேட்டரை நிறுத்திவிடுவார்கள். நின்ற எஸ்கலேட்டரின் படி சாதாரணப் படியைவிட உயரம், முதலும் கடைசியும் உயரம் மாறும். பக்கத்தில் இருக்கும் கல்படியில் ஏறுவதே நல்லது.

கடைசியாக நேரம். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிவாக்கில் முடிகிறது, கடைசி ரயிலுக்குப் பிறகு வாயில்களை இழுத்துப் பூட்டுகிறார்கள். இரவு பதினொன்றரைக்குச் சென்ட்ரலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் பார்க் பக்கம் போக இந்த வழியை எண்ணிக்கொண்டு வரக்கூடாது. ஜி.எச். முன்பக்கம் இருக்கும் பழைய சப்வேயும் திறந்திருக்காவிட்டால், அவருக்கு மழையானாலும் மேலே சிக்னலில் கடப்பதுதான் வழி. பெட்டியில் குடையை அடியில் வைக்காமல் மேலாக வைத்து வரச் சொல்லுங்கள்.